பதினொன்றே முக்காலுக்கு ஒரு லேப் டிப்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் துணிப் பிரிவு என் பொறுப்பு. நூல் வாங்குவதிலிருந்து சாயப்பட்டறையில் துணியை வாங்கி வருவது வரை நான் பார்ப்பேன். வெளிநாட்டு பையரோடு பேசுவது மெர்ச்சண்டைசர். எங்கள் மெர்ச்சண்டைசர் இருபத்தாறு வயதுத் தம்பி. வேலையில் சுட்டி. அவனுடைய வாட்ஸ்அப் மட்டும் ராத்திரியில்தான் விழித்துக்கொள்ளும்.

"அக்கா, நேவி லேப் டிப் ரிஜெக்ட். ஒரு ஷேடு டார்க் வேணுமாம்." இரவு 11.40. லேப் டிப் என்பது, நிறம் சரிதானா என்று பையருக்குக் காட்ட முதலில் சாயமேற்றி அனுப்பும் சின்னத் துணித்துண்டு. அதைத் திரும்பப் போடச் சொல்ல வேண்டுமென்றால் சாயப்பட்டறை லேப் காலை ஒன்பதுக்குத்தான் திறக்கும். நான் செய்வதற்கு அப்போது ஒன்றுமில்லை. ஆனாலும் படித்துவிட்டேன். பிறகு ஒன்றரை மணி வரை மனசுக்குள் அந்த நேவியைக் கலக்கிக்கொண்டே படுத்திருந்தேன்.

தூங்கத் தொடங்கிய முதல் சில மணி நேரத்தில்தான் ஆழ்ந்த தூக்கம் அதிகம் அமைகிறது. பதினொன்றுக்குப் படுப்பவருக்குப் பதினொன்றே முக்காலுக்கு வரும் 'டிங்' சரியாக அந்த இடத்தில் வந்து குறுக்கிடுகிறது. மெசேஜ் வராத நாளிலும் வருமோ என்று ஒரு காது திறந்தே கிடக்கும். எனக்கு அதுதான் பெரிய தொந்தரவாக இருந்தது.

சத்தத்தை அணைத்துவிட்டுப் படு என்று வீட்டில் சொன்னார்கள். செய்து பார்த்தேன். சாயப்பட்டறைகளில் இரவு ஷிஃப்ட் ஓடும். தவறான ஷேடில் ஒரு லாட் உள்ளே போய்விட்டால் நூற்றுக்கணக்கான கிலோ துணி வீண். அந்தப் பயத்தில், அணைத்த போனை அரை மணிக்கொரு தரம் நானே எடுத்துப் பார்த்தேன். ஆகப் பேசித்தான் தீர வேண்டும்.

பேசுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தேன், அதுவே பாதி வேலையை முடித்தது. இரண்டு வாரத்து மெசேஜ்களை மேலே தள்ளிப் போய், இரவு எட்டுக்குப் பிறகு அவன் அனுப்பியதை மட்டும் எண்ணினேன். இருபத்து மூன்று. விடிவதற்குள் நான் எதையாவது செய்தே ஆக வேண்டியிருந்தவை அதில் இரண்டுதான். ஒன்று, பட்டறையில் ஏறப்போன லாட்டை நிறுத்தச் சொன்னது. இன்னொன்று, மறுநாள் விடிகாலை கிளம்ப வேண்டிய லாரிக்கான துணி எடை. இந்தக் கணக்கு கையில் இல்லாமல் போயிருந்தால், "எப்பப் பார்த்தாலும் ராத்திரியில அனுப்பற" என்று பொத்தாம்பொதுவாகத் தொடங்கியிருப்பேன். அவனும் எப்போது அனுப்பாமல் இருந்தான் என்பதை நிரூபிக்கக் கிளம்பியிருப்பான்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. இருபத்து மூன்றில் பதினேழுக்கு அந்த ராத்திரியே நான் பதில் போட்டிருந்தேன். கட்டை விரல் குறியாவது வைத்திருந்தேன். அக்கா முழித்துத்தான் இருக்கிறார் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்.

குரூப்பில் எழுதவில்லை, ராத்திரியில் எழுதவில்லை, மேனேஜரிடம் போகவில்லை. மறுநாள் நாலு மணி டீக்கு அவனைத் தனியாகக் கூட்டிப்போனேன்.

"தம்பி, ஒரு உதவி வேணும். ராத்திரி உன் மெசேஜ் வந்தா அப்புறம் எனக்குத் தூக்கம் வர மாட்டேங்குது. உன் மேல தப்புன்னு சொல்லல, நானும் பதில் போட்டுட்டுத்தான் இருந்தேன். ரெண்டு வாரத்துல இருபத்து மூணு வந்திருக்கு, அதுல ரெண்டுதான் காலைல வரைக்கும் தாங்காதது. ராத்திரி உனக்கு எப்படிப் போகுது, அதைச் சொல்லு."

அந்தக் கடைசிக் கேள்வியை விட்டிருந்தால் பேச்சு தப்பான இடத்தில் முடிந்திருக்கும். அவன் முகம் சுருங்கித்தான் போயிற்று. "அய்யோ, நீங்க உடனே பாக்கோணும்னு நான் அனுப்பலீங்க்கா" என்றான். நியூயார்க்கில் காலை ஒன்பது என்றால் இங்கே கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. பையரின் மெயில்கள் அதன் பிறகுதான் குவியும். பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து படிப்பான். காலையில் மறந்துவிடும் என்ற பயத்தில், படித்த கையோடு எனக்குத் தள்ளிவிட்டுப் படுப்பான். அவன் பாரத்தை இறக்கிவைக்கும் இடம் என் தலைமாடு என்பது அவனுக்குத் தெரியவே தெரியாது.

லாரா ஜுர்ஜ், வனெஸ்ஸா போன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வு இதையே காட்டுகிறது. வேலை நேரத்துக்கு வெளியே மெயில் பெறுகிறவர்கள், அனுப்பியவர் உண்மையில் எதிர்பார்ப்பதைவிட வேகமான பதிலை எதிர்பார்ப்பதாக எண்ணிக்கொள்கிறார்கள். அவசரமில்லை என்று ஒரு வரி சேர்த்தால் அந்த அழுத்தம் குறைகிறது. குறையும், சரிதான். ஆனால் அந்த வரியைப் படிக்கவும் போனை எடுக்கத்தானே வேண்டும்?

அதனால் நான் கேட்டது ராத்திரியில் வேலை செய்யாதே என்று அல்ல. அவன் வேலை அப்படி. என்னை வந்து சேரும் நேரத்தை மட்டும் மாற்றக் கேட்டேன். டீ ஆறுவதற்குள் பேசி முடித்ததை அன்று மாலையே அவனுக்கு எழுதி அனுப்பினேன்:

"தம்பி, பேசினபடி: காலை 8.30 முதல் இரவு 8 வரை மெசேஜ் பண்ணு, ஒரு மணி நேரத்துக்குள்ள பதில் போடுவேன். எட்டுக்கு மேல தோணுறதை உனக்கே அனுப்பி வெச்சுக்கோ, காலைல ஃபார்வர்டு பண்ணு. ஓடுற லாட்டை நிறுத்தணும், வண்டி கிளம்பறது தவறும்னா மெசேஜ் வேண்டாம், போன் பண்ணு. எத்தனை மணின்னாலும் எடுப்பேன். ரெண்டு வாரம் பார்ப்போம், சரிப்படலைன்னா மாத்திக்கலாம்."

"உனக்கே அனுப்பு" என்றது வாட்ஸ்அப்பில் இருக்கும் Message yourself வசதியை. மறந்துபோகும் என்ற பயத்துக்கு அது மருந்து. மெயில் என்றால் ஜிமெயிலில் Schedule send இருக்கிறது. என் போனில் இரவு எட்டரைக்கு Do Not Disturb தானாக விழும். அவன் எண்ணிலிருந்து வரும் அழைப்புக்கு மட்டும் மணி அடிக்கும்படி வைத்தேன். அவசரத்துக்குத் தனி வழி ஒன்று உண்டு என்ற நம்பிக்கை வந்த பிறகுதான் போனைப் பார்க்கும் பழக்கம் என்னை விட்டது.

முதல் வாரம் சொதப்பியது. காலை 8.30க்குப் பதினோரு மெசேஜ் மொத்தமாக வந்து விழுந்தது, எது முதலில் என்று தெரியாமல். பிறகு பட்டறைக்குச் சொல்ல வேண்டியது, நூலுக்குச் சொல்ல வேண்டியது என்று பிரித்து ஒரே மெசேஜாக அனுப்பத் தொடங்கினான். மூன்றாம் நாள் இரவு பத்துக்கு ஒரு கேள்வி வந்திருந்தது. காலையில்தான் பதில் போட்டேன், அதைப் பற்றிப் பேசவும் இல்லை. இந்த இடத்தில் விரல் பரபரக்கும். ஒரே ஒரு தடவைதானே என்று பதில் போட்டால் பழைய கதை திரும்பிவிடும்.

பிரான்ஸில் 2017 முதலே வேலை நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த ஆஸ்திரேலியச் சட்டம்கூட அனுப்புவதைத் தடுக்கவில்லை. மறுப்பது நியாயமற்றதாக இல்லாத வரை பார்க்காமலும் பதில் தராமலும் இருக்க ஊழியருக்கு உரிமை தருகிறது, அவ்வளவே. நம் நாட்டில் தனிநபர் மசோதாவாக மக்களவைக்கு வந்ததோடு சரி. டீக்கடை ஒப்பந்தம்தான் இப்போதைக்கு நமக்கு.

ஷிப்மென்ட் நெருக்கும் வாரங்களில் எட்டு மணியைப் பத்தாக்கிக்கொள்கிறோம், எந்தத் தேதி வரை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு. போன மாதம் ஒருநாள் 12.10க்கு மணி அடித்தது. கறுப்பு லாட்டை நிறுத்த வேண்டும் என்றான். நாலு நிமிடம் பேசி, பட்டறை சூப்பர்வைசருக்குச் சொல்லிவிட்டுப் படுத்தேன், தூங்கியும் விட்டேன்.

தம்பி இப்போது தன் மெயிலுக்கு அடியில், இந்திய நேரம் இரவு ஒன்பதுக்கு மேல் வருவதற்கு மறுநாள் காலை பதில் வரும் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறான். மூன்று பையர்களில் ஒருத்தி உடனே பதில் எழுதினாளாம்: ராத்திரியே பதில் வேண்டுமென்று நான் எப்போதும் நினைத்ததில்லையே, நீதான் போட்டுக்கொண்டிருந்தாய் என்று.