240 என்றால் கூடவா, குறைவா? பச்சைக் குழந்தையின் மஞ்சளும் மணிக்கணக்கும்

பிள்ளை பிறந்து மூன்றாம் நாள் கண்ணில் மஞ்சள் தெரிந்தால் நம் வீடுகளில் இரண்டு பதில்கள் வரும். ஒன்று, “எல்லாப் பிள்ளைக்கும் வாறதுதான்”. மற்றது, “காலமை வெயிலிலை பிடியுங்கோ”. முதலாவது பதிலில் பாதி உண்மை இருக்கிறது. நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு முதல் வாரத்தில் ஓரளவு மஞ்சள் வரும். சிகிச்சை தேவைப்படுவோர் அவர்களில் சிலர்தான். அந்தச் சிலரை வைத்தியர்கள் எப்படிப் பிரித்தறிகிறார்கள் என்பதை, என் தங்கையின் மகன் நீல வெளிச்சத்தின் கீழ் படுத்திருந்த நாட்களில் விடுதியில் கேட்டுக் கேட்டு அறிந்துகொண்டேன்.

மஞ்சளுக்குக் காரணம் பிலிரூபின். பழைய செங்குருதிக் கலங்கள் உடையும்போது அது உருவாகிறது. ஈரல் அதை நீரில் கரையும் வடிவத்துக்கு மாற்றி, பித்தத்தோடு குடலுக்கு அனுப்பும். பச்சைக் குழந்தைக்குச் செங்குருதிக் கலங்கள் அதிகம், அவற்றின் ஆயுளும் குறைவு. ஈரலோ இன்னும் முழுவேகத்தில் இயங்கத் தொடங்கவில்லை. இதனால் பிலிரூபின் குருதியில் தேங்கி, மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் உச்சத்தைத் தொட்டு, பின்னர் இறங்கும். பால் போதாமல் மலம் தாமதித்தால் குடலுக்குப் போன பிலிரூபினின் ஒரு பங்கு திரும்பவும் உறிஞ்சப்படும். அளவு இன்னும் ஏறும்.

மிக அதிகமாக ஏறினால் அது மூளைக்குள் புகுந்து படிகிறது. அதனால் ஏற்படும் கேள்விக் குறைபாடும் கைகால் அசைவுக் கோளாறுகளும் வாழ்நாள் முழுக்க நிலைக்கும். சிகிச்சை இதைத் தடுப்பதற்குத்தான்.

கண்ணால் பார்த்து மஞ்சள் உண்டா என்று சொல்லலாம், எவ்வளவு என்று சொல்ல முடியாது. நம் நிறத்துப் பிள்ளைகளில் தோலில் தெரிவது பிந்தும். கண்வெள்ளையையும் முரசையும் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மூக்கிலோ நெற்றியிலோ விரலால் மெல்ல அழுத்தி எடுத்தால், வெளிறிய இடத்தில் மஞ்சள் தெரியும். அதற்குப் பிறகு அளந்துதான் ஆக வேண்டும்.

அளப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நெற்றியிலோ நெஞ்சிலோ வைத்து அழுத்தும் சிறு கருவி. அது தோலுக்குள் ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வருவதைக் கொண்டு அளவை மதிப்பிடுகிறது, ஊசி தேவையில்லை. மற்றது, குதிக்காலிலோ நரம்பிலோ எடுக்கும் சில துளி இரத்தம். தோல் கருவி ஒரு வடிகட்டி மட்டுமே. அது 250 மைக்ரோமோலுக்கு மேல் காட்டினாலும், சிகிச்சைக் கோட்டை நெருங்கினாலும் இரத்தத்தில் உறுதிசெய்ய வேண்டும். முதல் 24 மணித்தியாலத்தில் மஞ்சள் தெரிந்தாலும் கருவியை நம்பியிருக்காமல் இரத்தத்தையே பார்ப்பார்கள்.

இனி அந்தக் கோடு. 240 என்ற எண் கூடவா குறைவா என்று கேட்டால், “பிள்ளைக்கு எத்தனை மணித்தியாலம்?” என்றுதான் வைத்தியர் திருப்பிக் கேட்பார். பிரித்தானியாவின் நைஸ் வழிகாட்டியில், 38 வாரமோ அதற்கு மேலோ நிறைந்து பிறந்த குழந்தைக்கு ஒளிச்சிகிச்சைக் கோடு 24 மணித்தியாலத்தில் 200. 48இல் 250, 72இல் 300, 96இல் 350. அதற்குப் பின் கோடு ஏறாது. 36ஆவது மணித்தியாலத்தில் கோடு 225 என்பதால், அப்போது 240 உள்ள பிள்ளை விளக்கின் கீழ் போக வேண்டும். அதே 240 மூன்று நாள் முடிந்த பிள்ளைக்கு என்றால் கோட்டுக்கு 60 கீழே. பால் கொடுத்துக் கவனித்தால் போதும். சில ஆய்வுகூடங்கள் மில்லிகிராமில் எழுதும். அதை 17ஆல் பெருக்கினால் மைக்ரோமோல் வரும். 14 என்றால் ஏறக்குறைய 240.

நேரத்தோடு வாரமும் சேர்கிறது. தங்கையின் மகன் 37 வாரத்தில் பிறந்தவன். அந்த வாரத்துக்கு 72 மணித்தியாலத்தின் பின் கோடு 270 மட்டுமே. நான்காம் நாள் வீட்டுக்கு வந்த குடும்பநல உத்தியோகத்தர் பிள்ளையின் நெற்றியை அழுத்திப் பார்த்தார். பால் குடிக்கும்போதே நித்திரையாகிறான் என்பதையும் கேட்டறிந்தார். “வெயில் பாக்க வேண்டாம் தங்கச்சி, இப்பவே வாட்டுக்குப் போங்கோ” என்றார். அங்கே தோல் கருவி 262 காட்டியது, இரத்தத்தில் 288. இன்னும் ஒரு வாரம் வயிற்றில் இருந்து பிறந்திருந்தால் இதே எண்ணுக்கு விளக்குத் தேவைப்பட்டிருக்காது.

விளக்குச் செய்வது எளிய வேலை. ஏறத்தாழ 460 முதல் 490 நனோமீற்றர் வரையான நீல ஒளி, தோலில் உள்ள பிலிரூபினின் வடிவத்தை மாற்றுகிறது. மாறிய வடிவம், ஈரலின் வேலைக்குக் காத்திராமல் பித்தத்திலும் சிறுநீரிலும் வெளியேறும். 1950களில் இங்கிலாந்தின் ரொச்ஃபோர்ட் வைத்தியசாலையில் ஜீன் வார்ட் என்ற தாதி, வெயில் பட்ட குழந்தையின் தோலில் மஞ்சள் குறைந்திருப்பதைக் கவனித்தார். அங்கிருந்துதான் இந்தச் சிகிச்சை தொடங்கியது.

அப்படியென்றால் வெயில் ஏன் போதாது? போதிய ஒளி கிடைக்கப் பிள்ளையை உடுப்பில்லாமல் நெடுநேரம் வெயிலில் வைக்க வேண்டும். அதில் தோல் எரியும், உடல் சூடாகும், நீர் வற்றும். எவ்வளவு ஒளி பட்டது என்றும் தெரியாது. விளக்கின் கீழ் கண்ணை மூடி, நப்கினோடு மட்டும் படுக்கவைத்து, இடைவேளையில் எடுத்துப் பால் கொடுத்தார்கள்.

சிகிச்சை தொடங்கி ஆறு மணித்தியாலத்தில் மருமகனின் அளவு 279. பதினெட்டாவது மணித்தியாலத்தில் 241. எல்லாம் இரத்தத்தில்தான் பார்த்தார்கள், ஏனெனில் விளக்குப் பட்ட தோல் வெளிறிவிடும். தோல் கருவியும் நம் கண்ணும் ஏமாறும். கோட்டுக்குக் குறைந்தது 50 கீழே வந்ததும் நிறுத்தலாம் என்பது விதி. அவனுக்கு அது 220. முப்பதாவது மணித்தியாலத்தில் 214 வந்தது, விளக்கை அணைத்தார்கள். அடுத்த நாள் மீண்டும் பார்த்தபோது 226. நிறுத்திய பின் சற்று ஏறுவது வழமை, கோட்டுக்கு வெகு கீழே இருந்ததால் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இந்த எண்கள் ஒரு வரைபடத்தின் எண்கள். அமெரிக்கக் குழந்தை வைத்தியர் கழகம் 2022இல் வெளியிட்ட வரைபடத்தில் கோடுகள் வேறு. ஆகவே உங்கள் பிள்ளையின் அளவை அடுத்த வீட்டுப் பிள்ளையின் அளவோடு ஒப்பிடாதீர்கள். “எத்தனையாவது மணித்தியாலத்தில் எடுத்தது, இந்தப் பிள்ளைக்குக் கோடு எது?” என்று கேளுங்கள்.

சில நிலைமைகளில் காத்திருக்கவே கூடாது. முதல் 24 மணித்தியாலத்தில் வரும் மஞ்சள் எப்போதும் அவசரம். தாய் ஓ வகையாகவோ ஆர்எச் நெகட்டிவாகவோ இருந்து பிள்ளையின் குருதி வேறாக இருந்தால், கலங்கள் வேகமாக உடைந்துகொண்டிருக்கலாம். பால் குடிக்க எழுப்ப முடியாத நித்திரை, கீச்சென்ற அழுகை, உடல் பின்னோக்கி வளைதல் ஆகியவை மூளை பாதிக்கப்படுவதன் அறிகுறிகள். ஜீ6பீடி நொதிக் குறைபாடுள்ள பிள்ளைக்கு பூச்சி உருண்டையின் நப்தலீனே கலங்களை உடைக்கும். அலுமாரியில் பூச்சி உருண்டையோடு வைத்த பழைய துணியில் பிள்ளையைச் சுற்ற வேண்டாம்.

இரண்டு வாரம் கடந்தும் மஞ்சள் போகாவிட்டால் அது வேறு கதை. மலம் வெளிறிச் சுண்ணாம்பு நிறமாக, சிறுநீர் கடும் மஞ்சளாக இருந்தால் பித்தக் குழாய் அடைபட்டிருக்கலாம். அதற்கு விளக்கு உதவாது. சத்திரசிகிச்சை தேவைப்படலாம், அது எவ்வளவு முந்துகிறதோ அவ்வளவு பலன். நப்கின் மாற்றும்போது மலத்தின் நிறத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.