ஏற்ற இறக்கமே இல்லாத லைக்குகள்

2017-இல் அமெரிக்காவில் மீடியாகிக்ஸ் என்ற விளம்பர நிறுவனம் ஒரு வேடிக்கை செய்து பார்த்தது. இன்ஸ்டாகிராமில் இல்லாத இரண்டு பெண்களின் பெயரில் கணக்கு தொடங்கியது. ஒருத்தி கடற்கரைப் பெண். ஒரு மாடலை வரவழைத்து ஒரே நாளில் எடுத்த படங்கள்தான் அவள் வாழ்க்கை முழுவதும். இன்னொருத்தி ஊர் சுற்றுகிறவள். அவளுடைய படங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவை. ஃபாலோயர், லைக், கமெண்ட் மூன்றையும் காசு கொடுத்து வாங்கினார்கள். அப்புறம் விளம்பரம் தேடி விண்ணப்பித்தார்கள். இரண்டு கணக்குக்கும் சேர்த்து நான்கு பிராண்டுகள், பணமாகவோ பொருளாகவோ தர ஒப்புக்கொண்டன.

அந்த நான்கு பேரும் ஏமாளிகள் அல்ல. மேலே இருந்த எண்ணைப் பார்த்தார்கள், கீழே இறங்கிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். இறங்கிப் பார்க்க ஒரு சாயங்காலம் போதும். எப்படி என்று ஒரு கணக்கை வைத்தே பார்ப்போம். ஆளும் எண்களும் நான் விளக்கத்துக்காகப் போட்டவை.

கோவையில் குழந்தைகள் துணிக்கடை திறக்கப் போகிறார் ஒருவர். அவரிடம் வருகிற இன்ஃப்ளூயன்சருக்கு 1,80,000 ஃபாலோயர்கள். ஒரு ரீல், மூன்று ஸ்டோரி, ₹60,000. பதிவுக்குச் சராசரியாக 4,100 லைக். ஃபாலோயர் எண்ணால் வகுத்தால் 2.3 சதவீதம். இந்த அளவுள்ள கணக்குக்கு அது குறை சொல்ல முடியாத எண். பலர் இங்கேயே திருப்தியாகிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

சராசரியை நம்பாமல், கடைசி பன்னிரண்டு பதிவுகளின் லைக்குகளை ஒரு தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதச் சொல்வேன். பின் செய்து மேலே வைத்ததும், பரிசுப் போட்டிப் பதிவுகளும் வேண்டாம். எழுதிப் பார்த்தால் 4,120, 4,050, 4,230, 4,090 என்றே போகிறது. குழந்தையின் பிறந்தநாள் படத்துக்கும் அதே நாலாயிரம், மிக்ஸி விளம்பரத்துக்கும் அதே நாலாயிரம். மனிதர்கள் இப்படி லைக் போடுவதில்லை. உண்மையான கணக்கில் பிறந்தநாள் படம் பதினோராயிரம் வாங்கும், மிக்ஸி தொள்ளாயிரத்தில் நின்றுவிடும். லைக்கை மொத்தமாக வாங்குகிறவர் பதிவுக்கு இத்தனை என்று சொல்லி வாங்குகிறார், அதனால்தான் இந்தச் சமம்.

அடுத்து ரீலின் பார்வை எண். இந்தக் கணக்கில் ஒரு ரீலை ஒன்பதாயிரம், பத்தாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள், அதற்கு நாலாயிரம் லைக். பொதுவாக நூறு பேர் பார்த்தால் நாலைந்து பேர் லைக் போடுவார்கள், ரொம்பப் பிடித்தால் பத்து. நூற்றுக்கு நாற்பது என்றால் பார்க்காதவர்களும் லைக் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

கமெண்டுகளைப் படிப்பதுதான் எனக்குப் பிடித்த வேலை. துணி பற்றிய ரீலின் கீழே நிஜ ஆட்கள் என்ன எழுதுவார்கள்? ‘விலை எவ்ளோ அக்கா’, ‘ரெண்டு வயசுக்கு சைஸ் இருக்கா’, ‘திருப்பூருக்கு கொரியர் உண்டா’. கடை எங்கே என்று ரீலிலேயே சொல்லியிருந்தாலும் நாலு பேர் கடை எங்கே என்று கேட்பார்கள். நம் கணக்கில் அப்படி ஒன்றுகூட இல்லை. ‘சூப்பர்’, ‘வாவ்’, நெருப்பு, இதயம். அதுவும் பன்னிரண்டு பதிவிலும் அதே பதினான்கு பெயர்கள், போட்ட சில நிமிடங்களுக்குள். இவர்கள் பாட் அல்ல, உயிருள்ளவர்கள்தான். டெலிகிராமிலோ வாட்ஸ்அப்பிலோ குழு வைத்து, நீ எனக்குப் போடு நான் உனக்குப் போடுகிறேன் என்று மொய் எழுதுகிறவர்கள். இவர்கள் யாரும் உங்கள் கடைக்கு வரப் போவதில்லை.

வளர்ச்சியைப் பார்க்க சோஷியல் பிளேட் போன்ற தளங்கள் இருக்கின்றன. கணக்கின் பெயரைப் போட்டால் அன்றாடம் எத்தனை ஃபாலோயர் கூடியது, குறைந்தது என்று காட்டும். இந்தக் கணக்கில் தினம் ஐம்பது அறுபது கூடிக்கொண்டிருந்தது, திடீரென்று இரண்டு நாளில் நாற்பதாயிரம் ஏறியிருக்கிறது. அதன்பின் நாள்தோறும் நூறு, நூற்றைம்பது உதிர்கிறது. இன்ஸ்டாகிராம் போலிகளைக் களையெடுக்கும்போது இந்த உதிர்வு வரும். விற்கிறவர்களுக்கும் இது தெரியும், அதனால்தான் ‘ரீஃபில் கேரண்டி’ என்று சேர்த்தே விற்கிறார்கள். ஏற்றம் மட்டும் குற்றமில்லை. ஒரு ரீல் வைரலானாலும் இப்படி ஏறும். அந்தத் தேதியில் பல லட்சம் பார்வை வாங்கிய ரீல் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். இங்கே இல்லை.

இனி ஃபாலோயர் பட்டியல். மேலே இருக்கும் பெயர்களை விட்டுவிட்டு, எவ்வளவு தூரம் இறங்குகிறதோ அவ்வளவு இறங்கி, அங்கங்கே எடுத்து நூறு பேரைத் திறந்து பாருங்கள். இதில்தான் நிறையப் பேர் தப்பான முடிவுக்கு வருகிறார்கள். படம் இல்லை, பதிவு இல்லை என்றதும் போலி என்று குறித்துவிடுகிறார்கள். அப்படிப் பார்த்தால் என் சித்தியும் போலிதான். ரோஜாப்பூ ஒன்றை வைத்துக்கொண்டு, ஒரு பதிவும் போடாமல், ஐந்து வருடமாகக் கோலம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒரு அடையாளம் போதாது, மூன்றாவது சேர்ந்து இருக்க வேண்டும்: பதிவு கிடையாது, பின்தொடர்வது ஐயாயிரம் பேரை ஆனால் தன்னைப் பின்தொடர்வது பத்துப் பேர், பெயருக்குப் பின்னால் அர்த்தமில்லாத எண் வரிசை. சில கணக்குகளில் About this account என்பதைத் திறந்தால் எந்த மாதம் தொடங்கியது, எந்த நாட்டில் இருக்கிறது என்பதும் தெரியும்.

நூறில் 34 சந்தேகம் என்று வந்தால், மொத்தத்தில் சரியாக 34 சதவீதம் என்று பேசக் கூடாது. நூறு பேர் சிறிய மாதிரி. 25-லிருந்து 43 வரை எதுவாகவும் இருக்கலாம். அதனால் இது தனியாகத் தீர்ப்பு ஆகாது, மற்றவற்றோடு சேர்த்துத்தான் பேசும். போலி ஃபாலோயர்களை வேண்டாதவர்கள் வாங்கி அடுத்தவர் கணக்கில் தள்ளிவிடுவதும் நடக்கிறது. ஆகவே அவரிடமே கேளுங்கள்: “மேடம், மார்ச்ல ரெண்டு நாள்ல நாப்பதாயிரம் ஏறியிருக்கே, என்ன ஆச்சு?” நேர்மையானவர் ஏதாவது ஒரு காரணம் சொல்வார், அதைச் சரிபார்க்கலாம்.

கடைசியாக, வெளியில் தெரியாத இன்ஸைட்ஸ் பக்கம். எந்த ஊர், எந்த வயது, எத்தனை பேரை எட்டியது என்பதெல்லாம் கணக்கின் சொந்தக்காரருக்கு மட்டும் தெரியும். ஸ்கிரீன்ஷாட் வாங்காதீர்கள், அதைத் திருத்த ஐந்து நிமிடம் போதும். வீடியோ காலில் ஸ்கிரீன் ஷேர் போட்டு, உங்கள் கண்ணெதிரில் திறக்கச் சொல்லுங்கள். நம் கணக்கில் சென்னை 9 சதவீதம், கோவை 4, அதற்குக் கீழே ஜகார்த்தா, சாவோ பாவ்லோ. தமிழில் மட்டும் பேசுகிற ஒருவருக்கு பிரேசிலில் ரசிகர்கள்! ஊர்ப் பட்டியல் ஒழுங்காக இருந்தாலும் முழு நிம்மதி வேண்டாம். ‘இந்தியன் ஃபாலோயர்ஸ்’ என்று விலை கூட்டியும் விற்கிறார்கள்.

அமெரிக்காவில் 2019-இல் டெவுமி என்ற ஃபாலோயர் விற்பனை நிறுவனத்தின் மேல் அரசு நடவடிக்கை எடுத்தது. 2024-இல் வியாபார லாபத்துக்காகப் போலி ஃபாலோயர் விற்பதையும், தெரிந்தே வாங்குவதையும் தடை செய்து விதியே போட்டார்கள். ஆனால் அந்த விதி உங்கள் ₹60,000-ஐத் திருப்பி வாங்கித் தராது.

தாளில் ஒரு கணக்குப் போட்டு முடிக்கலாம். ஒரு ரீலைப் பார்ப்பவர்கள் சுமார் பத்தாயிரம். அதில் கோவை 4 சதவீதம் என்றால் 400 பேர். ₹60,000-ஐ 400-ஆல் வகுத்தால், ஒரு கோவைக்காரர் உங்கள் கடைப் பெயரை ஒரு தரம் பார்ப்பதற்கு ₹150. அந்த 400 பேரும் நிஜம் என்று வைத்துக்கொண்டாலும் இதுதான் விலை. இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.