காயத்தில் வல்லாரை: எப்போது பூசலாம், எப்போது கூடாது?

வல்லாரை என்றதும் நமக்கு நினைவாற்றல்தான் ஞாபகத்துக்கு வரும். பரீட்சைக்கு முந்தைய வாரம் வீட்டில் வல்லாரைத் துவையல் அரைப்பது தமிழ்நாட்டு வழக்கம். இலங்கையில் சம்பலாகச் சோற்றோடு சேர்ப்பார்கள். ஆனால் மேற்கத்திய மருத்துவம் இந்தக் கீரையை முதலில் தேடி வந்தது தோல் நோய்க்காக. 1850களில் மொரீஷியஸில் டாக்டர் பொய்லோவும், சென்னை தொழுநோய் மருத்துவமனையில் டாக்டர் ஹண்டரும் இதைத் தொழுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நோயைத் தீர்க்கும் மருந்து இதுவல்ல, தொந்தரவுகளைக் குறைக்கும் என்ற முடிவுக்கு ஹண்டர் வந்தார்.

பிறகு 1940களில் மடகாஸ்கர் வல்லாரையிலிருந்து ஏசியாட்டிகோசைடு என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதை அடிப்படையாகக் கொண்ட களிம்பு பிரான்சில் ‘மெடகசால்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. இன்று ‘சென்டெல்லா’, ‘சிகா’ என்று கொரிய கிரீம்களில் காண்பதும் நம் வயல் வரப்பு வல்லாரையேதான்.

இது என்ன செய்கிறது? காயம் மூடும்போது தோலின் அடியிலுள்ள நார்ச்செல்கள் கொலாஜன் என்ற புரதத்தை நெய்கின்றன. ஏசியாட்டிகோசைடும் அதன் உறவுப் பொருள்களும் அந்த நெசவைத் தூண்டுவதாக ஆய்வகச் சோதனைகள் சொல்கின்றன. தடித்த தழும்பில் நிலைமை வேறு. அங்கே கொலாஜன் தேவைக்கு மேல் சேர்ந்துவிட்டது. அதைத் தூண்டும் சமிக்ஞையை இதே பொருள்கள் தணிப்பதாகவும் சோதனைகள் உண்டு. மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளோ பெரும்பாலும் சிறியவை. புதுத் தழும்பு ஓரளவு மென்மையாகலாம் என்பதற்கு மேல் நம்பிக்கை வைக்க வேண்டாம். பத்து வருடத் தழும்பை அழிப்பதாக யாராவது விற்றால் காசைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

சிக்கல் எங்கே வருகிறது என்று ஓர் உதாரணத்தில் பார்ப்போம். இட்லிப் பானை ஆவி பட்டு ஒருவருக்கு முன்கையில் கொப்புளம். அது உடைந்து ஈரமாக இருக்கும்போதே வல்லாரைக் களிம்பைத் தினமும் தடவுகிறார். முதல் வாரம் ஒன்றுமில்லை, புண் காய்ந்தும் வருகிறது. இரண்டாம் வாரக் கடைசியில் களிம்பு பட்ட இடமெல்லாம் சிவந்து, நமநமவென்று அரித்து, பொடிப்பொடியாக நீர்க் கொப்புளம் கிளம்புகிறது. ‘மருந்து வேலை செய்கிறது’ என்று நினைத்து இன்னும் கொஞ்சம் தடவுகிறார். அங்கேதான் தவறு.

நல்ல தோலுக்கு மேலே ஒரு காவல் அடுக்கு இருக்கிறது. புண்ணில் அது இல்லை. எனவே பூசும் எந்தப் பொருளும் நோய் எதிர்ப்புச் செல்களை எளிதில் எட்டிவிடும். அவற்றில் சில அதை எதிரியாகப் பதிவு செய்துகொள்ள ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். அதன் பிறகு அதே பொருள் பட்டால், ஓரிரு நாளில் அரிப்பும் கொப்புளமும் வரும். வல்லாரை இப்படிப் பதிய வைப்பதில் பலவீனமானதுதான். ஆனால் ஒவ்வாமை பதிவானவர்கள் உண்டு. பதிந்தால் அது பல ஆண்டுகள் மறையாது.

குற்றவாளி எப்போதும் கீரையே என்றும் சொல்ல முடியாது. களிம்பில் கம்பளிக் கொழுப்பு, நறுமணப் பொருள், பதப்படுத்தி எல்லாம் இருக்கும். சிலவற்றில் நியோமைசின் சேர்ந்திருக்கும், அது ஒவ்வாமைக்குப் பேர்போனது. கூடவே ஸ்டீராய்டும் கலந்திருந்தால் அரிப்பை அமுக்கி வைத்து, உண்மையை மறைத்துவிடும். பச்சை இலையை அரைத்துப் பற்றுப் போடுவோருக்கு வேறு கவலை: ஈர நிலத்துச் செடி என்பதால் சேற்றுக் கிருமிகள் ஒட்டியிருக்கும்.

அறிகுறிகளை இப்படிப் பிரித்துப் பாருங்கள். தடவிய நிமிடத்தில் எரிந்து சற்று நேரத்தில் அடங்கினால் அது பெரும்பாலும் வெறும் எரிச்சல். அரிப்பே மேலோங்கி, ஒரு நாள் கழித்து வந்து, தடவிய எல்லை தாண்டியும் பரவினால் ஒவ்வாமையைச் சந்தேகிக்கலாம். வலி கூடி, சூடாக வீங்கி, சீழோ காய்ச்சலோ வந்தால் கிருமித் தொற்று; அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அரிப்பு தொடங்கினால் களிம்பை நிறுத்தி, வெறும் தண்ணீரில் மெதுவாகக் கழுவுங்கள். டியூபைத் தூக்கி எறியாமல் தோல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். சந்தேகப் பொருள்களை அவர் முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்; ஓரிரு நாள் விட்டு மறுபடியும் பார்ப்பார். எந்தப் பொருள் என்பது பெரும்பாலும் அதில் தெரிந்துவிடும்.

திறந்த புண்ணுக்கு வல்லாரை வேண்டாம். சுத்தமான தண்ணீரும் மூடிய கட்டும் போதும். முழுக்க மூடி, பொருக்கு தானாக உதிர்ந்த பிறகு தழும்பில் பூச ஆசைப்பட்டால், முதலில் முழங்கை மடிப்பில் நாணய அளவு இடத்தில் நாளுக்கு இருமுறையாக ஒரு வாரம் தடவிப் பாருங்கள். அரித்தால் அந்தக் களிம்பு உங்களுக்கு ஆகாது.