வெறும் வயிற்றில் கறுப்புக் காப்பி: உடல் எடை குறையுமா?

காலையில் எதுவும் சாப்பிடாமல் கறுப்புக் காப்பி குடித்தால் கொழுப்பு கரையும் என்று நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அதில் சிறிதளவு உண்மை உண்டு. ஆனால், நீரிழிவு மருந்து உட்கொள்வோர் கவனமாக இருக்க வேண்டும்.

எது உண்மை?

காப்பியில் உள்ள காஃபின், உடல் சக்தியைச் செலவிடும் வேகத்தைச் சற்றுக் கூட்டுகிறது. 100 மில்லிகிராம் காஃபின், அதாவது ஏறத்தாழ ஒரு குவளை காப்பி, ஓய்வில் உடல் செலவிடும் சக்தியை இரண்டரை மணி நேரத்துக்கு 3 முதல் 4 விழுக்காடு உயர்த்தக்கூடும். கணக்கிட்டால் அது 5 அல்லது 6 கலோரிதான். ஒரு கிரீம் கிராக்கர் பிஸ்கட்டில் சுமார் 35 கலோரி இருக்கிறது.

உண்மையான பலன் வேறொன்றில் உள்ளது. இனிப்புக் கெட்டிப்பால் கலந்த ஒரு குவளை கோப்பியில் 100 கலோரிக்கு மேல் இருக்கலாம். பாலும் சீனியும் இல்லாத கோப்பி-ஓ கோசோங்கில் 10 கலோரிகூட இராது. அன்றாடம் இரண்டு குவளை கோப்பி குடிப்பவர் கோசோங்கிற்கு மாறினால், நாளுக்குச் சுமார் 200 கலோரி குறையும். காலை உணவுடன் குடித்தாலும் இந்தப் பலன் கிடைக்கும்.

எது மிகைப்படுத்தப்பட்டது?

வெறும் வயிற்றில் குடிப்பதால் தனிப் பலன் இல்லை. அந்நேரத்தில் உடல் கொழுப்பைச் சற்று அதிகமாகப் பயன்படுத்தினாலும், நாள் முழுவதும் நீங்கள் உண்பதற்கும் செலவிடுவதற்கும் உள்ள வேறுபாடே எடையைத் தீர்மானிக்கிறது. காப்பியால் பசி அடங்குவதும் சிறிது நேரத்துக்கே.

நீரிழிவு மருந்து உட்கொள்கிறீர்களா?

எடுத்துக்காட்டாக, 68 வயது முதியவர் ஒருவர் காலையில் கிளிக்லசைட் மாத்திரை போட்டுக்கொள்கிறார். எடையைக் குறைப்பதற்காகப் பசியாறாமல் கறுப்புக் காப்பி மட்டும் குடிக்கிறார். மாத்திரை ரத்தச் சர்க்கரையைக் குறைக்கிறது. அதை ஈடுகட்ட உணவு இல்லை. சில மணி நேரத்தில் கை நடுங்குகிறது, வியர்க்கிறது, நெஞ்சு படபடக்கிறது. காஃபினாலும் நடுக்கமும் படபடப்பும் வரலாம் என்பதால், "காப்பி கொஞ்சம் கூடிவிட்டது" என்று அவர் இருந்துவிட்டால் மயங்கி விழ நேரலாம். இன்சுலின் போடுவோருக்கும் இதே ஆபத்து உண்டு.

இந்த அறிகுறிகள் தெரிந்தால் உடனே ரத்தச் சர்க்கரையைச் சோதியுங்கள். அளவு 4.0-க்குக் கீழே இருந்தால், அல்லது சோதிக்க இயலாவிட்டால், 3 தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். அளவு உயராவிட்டால் மறுபடியும் அவ்வாறே செய்யுங்கள். ஒருவர் சுயநினைவை இழந்தால் அவர் வாயில் எதையும் ஊட்டாமல், உடனே 995-ஐ அழையுங்கள்.

என்ன செய்யலாம்?

கோசோங் கசந்தால், முதலில் இனிப்பைக் குறைத்து "சியூ டாய்" என்று கேட்டு வாங்குங்கள். பிறகு படிப்படியாக மாறலாம். காலை உணவைத் தவிர்க்க விரும்பினால், அதற்கு முன் பலதுறை மருந்தகத்தில் உங்கள் மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ பேசுங்கள்.