ஐந்தாவது சனிக்கிழமை

திருப்பூருக்கு வேலைக்கு வரும் பையன் முதலில் கேட்பது ஷிப்ட்டுக்கு எவ்வளவு என்பதைத்தான். எந்தக் கிழமை கைக்கு வரும், எந்தக் கிழமை வரைக்குமான கணக்கு வரும் என்று யாரும் கேட்பதில்லை. வந்த மூன்றாவது மாதமே மெஸ்ஸில் பற்று ஏறியிருக்கும். சம்பளம் குறைவு என்று நினைத்துக்கொண்டிருப்பான். பாதி நேரம் கோளாறு தொகையில் இல்லை, நாள்காட்டியில் இருக்கிறது.

பனியன் கம்பெனிகளில் தையல், செக்கிங், கைமடி வேலைக்காரர்களுக்குப் பெரும்பாலும் சனிக்கிழமைச் சம்பளம். அதே கட்டடத்தின் மாடியில் இருக்கும் ஆபீஸ் ஆட்களுக்கு மாதச் சம்பளம். ஒரே அறையில் தங்கும் இரண்டு நண்பர்கள் இரண்டு வகையில் வாங்குவது இங்கே சாதாரணம். மாதக் கடைசியில் வாரக் கூலிக்காரன் ஆபீஸ்காரனுக்குக் கடன் கொடுப்பான். வாடகை நாளில் ஆபீஸ்காரன் இவனுக்குக் கொடுப்பான். இருவருக்கும் வருமானம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் முடை வரும் நாள் வேறு.

வாரக் கூலியைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம், புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுவது அங்கேதான். கணக்குக்காக ஒருவனை வைத்துக்கொள்வோம். திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்தவன், செக்கிங்கில் சேர்ந்திருக்கிறான். ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் நாள், ஒரு ஷிப்ட்டோடு முடியும் நாள் எல்லாம் சேர்த்து வாரம் 4,200 ரூபாய் கைக்கு வருகிறது. லைன் வீட்டில் அவன் பங்குக்கு மாத வாடகை, கரண்ட் சேர்த்து 3,600. சாப்பாடு நாளுக்கு 200 என்றால் வாரம் 1,400. அம்மாவுக்கு மாதம் 4,800 அனுப்ப வேண்டும். சோப்பு, ரீசார்ஜ், பஸ், டீ என்று வாரம் 400.

வாடகை 5ஆம் தேதி. முதல் சனிக்கிழமை வாங்கிய 4,200இல் 3,600ஐ அப்படியே வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டால் மிச்சம் 600. அதை வைத்து ஏழு நாள் சாப்பிட முடியாது. மெஸ் அக்காவிடம், "அடுத்த வாரம் தர்றேங்க்கா" என்பான். அடுத்த சனிக்கிழமை பழைய பாக்கியும் நடப்புச் சாப்பாடும் சேர்ந்து நிற்கும். அதைக் கட்டி முடிப்பதற்குள் அம்மாவுக்கு அனுப்பும் நாள். மாதத்தை மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் பணம் போதும். ஆனால் முதல் வாரத்துப் பள்ளம் நாலாவது வாரம் வரை பின்னாலேயே வந்துகொண்டிருக்கும். அதை மூட சூப்பர்வைசரிடம் அட்வான்ஸ் கேட்டால் அடுத்த வாரக் கவர் இன்னும் மெலியும்.

வழி எளிது. மாதச் செலவை நாலாக உடைத்து ஒவ்வொரு சனிக்கிழமையும் எடுத்து வைப்பது. வாடகைக்கு 900, அம்மாவுக்கு 1,200. இதோடு சாப்பாடு 1,400, கைச்செலவு 400. மொத்தம் 3,900 போக 300 நிற்கும். எடுத்து வைத்த 900 பேண்ட் பாக்கெட்டில் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் கரைந்துவிடும். சனிக்கிழமை இரவு திருப்பூர்க் கடைவீதியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஜிபே இல்லாத இன்னொரு கணக்கில் போடலாம், அல்லது வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டால் வாரா வாரம் அவரிடமே கொடுத்துச் சீட்டில் எழுதிக்கொள்ளலாம்.

ஏன் நாலாக உடைக்க வேண்டும்? வருஷத்துக்கு 52 வாரம். மாதத்துக்கு நாலு என்றால் 48தான் ஆகிறது. மீதி நாலு சனிக்கிழமைகள் எங்காவது போய் ஒட்டிக்கொள்ள வேண்டும். 2026இல் அவை ஜனவரி, மே, ஆகஸ்ட், அக்டோபர் மாதங்களில் விழுகின்றன. அந்த மாதங்களில் ஐந்து சனிக்கிழமை. இந்த ஐந்தாவது கவரைப் பலரும் வானத்திலிருந்து விழுந்த போனஸ் என்று எண்ணி, போனுக்கு முன்பணம் கட்டிவிடுவார்கள்.

அது முழு மிச்சம் இல்லை. அந்த மாதத்து வாடகையும் அம்மாவின் பணமும் நாலு கவரிலேயே முடிந்துவிட்டன, உண்மை. ஆனால் வயிறு ஐந்தாவது வாரமும் சாப்பிடும். 4,200இல் சாப்பாடு 1,400, கைச்செலவு 400 போனால் நிற்பது 2,400. வருஷத்துக்கு நாலு தடவை, ஆக 9,600 ரூபாய்.

இப்போது எதிர்ப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். வாரக் கூலிக்காரனுக்கு வேலை இல்லாத வாரத்தில் கூலியும் இல்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போனால் ஒரு வாரம் போச்சு, தீபாவளிக்கு ஒரு வாரம். ஆர்டர் இல்லாமலோ துணி வந்து சேராமலோ மூன்று நாள் சும்மா உட்கார்ந்தால் அதுவும் அரை வாரம். வாடகை மட்டும் நிற்காது. வெறும் வாரம் ஒன்றைத் தாண்ட அதே 3,900 வேண்டும். ஊரில் அம்மா கையால் சாப்பிடுவதால் 1,400 மிஞ்சாதா என்று கேட்கலாம். பஸ் டிக்கெட்டும் தங்கச்சிக்கு எடுக்கும் சுடிதாரும் அதை மிச்சம் வைப்பதில்லை. 9,600ஐ 3,900ஆல் வகுத்தால் ஏறக்குறைய இரண்டரை. பொங்கல், தீபாவளி, ஓர் அரை வாரம். ஐந்தாவது சனிக்கிழமைகள் நாலும் கொண்டுவருவது இந்த இரண்டரை வாரத்துக்கு மட்டுமே ஆகும். போன் வாங்க வேண்டுமானால் வாரா வாரம் நின்ற அந்த 300இல் வாங்கலாம்; பன்னிரண்டு மாதத்தில் அதுவே பதிமூவாயிரத்தைத் தாண்டும்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறைச் சம்பளம் நம் ஊரில் அதிகம் பார்க்கக் கிடைப்பதில்லை. ஆஸ்திரேலியாவில் அது சர்வசாதாரணம். மெல்போர்னில் முதியோர் இல்ல வேலைக்குச் சேரும் நம் ஊர்ப் பிள்ளைகள் இந்தச் சுழற்சிக்குள்தான் போய் விழுகிறார்கள். இதில் ஒரு குழப்பம் உண்டு. மாதம் இருமுறை, அதாவது 1ஆம் தேதியும் 16ஆம் தேதியும் வாங்கினால் வருஷத்துக்கு 24 சம்பளம். பதினாலு நாளுக்கு ஒருமுறை வாங்கினால் 26. சேரும்போது இதில் எது என்று தெரியாவிட்டால் வருஷச் சம்பளத்தைத் தப்பான எண்ணால் வகுத்துவிடுவோம்.

அங்கே வாடகையையும் வாரக் கணக்கில்தான் சொல்வார்கள். அறைக்கு வாரம் 250 டாலர் என்றால், நம்மவர் மனது உடனே நாலால் பெருக்கி மாதம் 1,000 என்று போட்டுக்கொள்கிறது. மாதவாரியாகக் கட்டும்படி ஏற்பாடானதும் 1,083 கேட்கிறார்கள். ஏமாற்று வேலை இல்லை. 250ஐ 52ஆல் பெருக்கிப் பன்னிரண்டால் வகுத்திருக்கிறார்கள். திருப்பூரின் ஐந்தாவது சனிக்கிழமை இங்கே டாலரில் வந்து நிற்கிறது, அவ்வளவுதான். முடிந்தால் வாடகையைச் சம்பளத்தோடு சேர்த்துப் பதினாலு நாளுக்கு ஒருமுறையே கட்டுவது நல்லது, அப்போது அது ஒருநாளும் தேதி தப்பாது. மீதி மாதச் செலவுகளை, போன் பில்லோ ஊருக்கு அனுப்புவதோ, இரண்டு சம்பளத்துக்குள் அடக்கினால் வருஷத்தில் இரண்டு மாதங்களில் மூன்றாவது சம்பளம் வரும். அதிலும் வாடகையும் சாப்பாடும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்ட பிறகுதான் மிச்சம்.

மாதச் சம்பளக்காரனின் சிக்கல் தலைகீழ். அவனுடைய செலவுகள் மாதத்தோடு பொருந்தும், கைதான் பொருந்தாது. 2ஆம் தேதி சேர்ந்தவனுக்கு அடுத்த மாதம் 7ஆம் தேதி சம்பளம் என்றால் முதல் ரூபாயைப் பார்க்க 35 நாள். ஊரிலிருந்து கிளம்பும்போது அறை அட்வான்ஸை மட்டும் எண்ணி எடுத்து வருகிறவர்கள் இந்த 35 நாள் சாப்பாட்டை மறந்துவிடுகிறார்கள். மேலே போட்ட அதே கணக்கில் பார்த்தால் சாப்பாடும் கைச்செலவும் மட்டும் ஐந்து வாரத்துக்கு 9,000 ஆகும்.

சம்பளம் வந்த பிறகு செய்யக்கூடியது, வாரக் கூலிக்காரனாகத் தன்னையே மாற்றிக்கொள்வது. வாடகை, ஊருக்கு அனுப்புவது இரண்டையும் அன்றே முடித்துவிட்டு, மிச்சத்தைச் செலவுக் கணக்குக்கு வாரா வாரம் மாற்றுவது. இங்கே நாலாக வகுத்தால் மாட்டிக்கொள்வோம். 7ஆம் தேதி முதல் அடுத்த 6ஆம் தேதி வரை பெரும்பாலும் 30 அல்லது 31 நாள்; நாலு வாரம் 28 நாளில் தீர்ந்துவிடும். கடைசி இரண்டு மூன்று நாள் டீக்குக்கூட நண்பனிடம் கை நீட்டுவது அதனால்தான். ஐந்தாக வகுத்தால் கடைசிப் பங்கில் கொஞ்சம் நிற்கும்.

மாதத் தவணைகளின் தேதியையும் பார்த்து வைக்க வேண்டும். சம்பளம் 7ஆம் தேதி, பைக் தவணை 5ஆம் தேதி என்று இருந்தால், மாதத்திலேயே கை மிகவும் வறண்ட நாளில் வங்கி பணத்தை எடுக்க வரும். கணக்கில் இல்லையென்றால் வங்கி ஒரு அபராதம் போடும், கடன் கொடுத்த நிறுவனம் தனியாக ஒன்று போடும். கடன் வாங்கும் நாளிலேயே 10ஆம் தேதியாகக் கேட்டு வாங்குவது சுலபம், பிறகு மாற்றுவது அலைச்சல்.

சம்பள நாளை முதலாளி இஷ்டத்துக்குத் தள்ளவும் முடியாது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பின்படி வாரக் கூலியை வாரத்தின் கடைசி வேலை நாளில், அதாவது வார விடுமுறைக்கு முன்னால் கொடுத்துவிட வேண்டும். இரு வாரக் கூலி என்றால் அந்தக் காலம் முடிந்த இரண்டு நாளுக்குள். மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள். வேலையை விட்டு நின்றால் பாக்கி இரண்டு வேலை நாளில் கைக்கு வர வேண்டும். முதல் வாரக் கூலியைப் பிடித்து வைத்துக்கொண்டு, நிற்கும்போது தருவோம் என்று சொல்கிற இடத்தில் சேரும்போது இதை நினைவில் வைக்கலாம்.

நம் செக்கிங் பையனுக்கு இந்த வருஷத்தில் கடினமான இடம் தீபாவளி. அது நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. அன்றிலிருந்து ஒரு வாரம் ஊரில் இருந்துவிட்டால் நவம்பர் 14 சனிக்கிழமை அவனுக்குக் கவர் கிடையாது. நவம்பரில் சனிக்கிழமையும் நாலுதான், ஆக கைக்கு வருவது மூன்று. அதற்கு ஈடு கட்டும் 2,400 ரூபாய் அக்டோபர் 31ஆம் தேதி, அந்த மாதத்தின் ஐந்தாவது சனிக்கிழமையே வந்துவிடும். அது போதாமல் விட்ட 1,500ஐ ஆகஸ்ட் 29இல் வந்ததிலிருந்து எடுக்க வேண்டும். அக்டோபர் 31க்கும் நவம்பர் 14க்கும் நடுவில் தீபாவளிக் கடைவீதி இருக்கிறது.