புடவைப் படத்தைக் காதால் பார்ப்பவர்கள்

இணையத்தில் பட்டுப்புடவை விற்கும் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பார்வையற்ற ஒருவர் கைபேசியில் டாக்பேக், கணினியில் என்விடிஏ போன்ற திரைவாசிப்பான் மூலம் அந்தப் பக்கத்தைக் கேட்கிறார். படம் வந்ததும், அதன் நிரலில் எழுதிவைத்த மாற்று உரையை அது வாசிக்கும். பல கடைகளில் அந்த உரை இப்படித்தான் இருக்கிறது:

```
alt="பட்டுப்புடவை காஞ்சிபுரம் பட்டு கல்யாணப் பட்டு மலிவு விலைப் பட்டு"
```

கூகுளுக்காகத் திணித்த சொற்கள் இவை. ஒரு பக்கத்தில் முப்பது புடவை இருந்தால் இதையே முப்பது முறை கேட்க வேண்டும். புடவை என்ன நிறம் என்பது மட்டும் கடைசிவரை தெரியாது. இப்படி நிரப்பினால் தளத்தையே ஸ்பேம் என்று கருதக்கூடும் என கூகுளின் வழிகாட்டியும் எச்சரிக்கிறது. ஆக, யாருக்காகத் திணித்தார்களோ அவர்களுக்கும் அது வேண்டாத சரக்கு.

அதே படத்துக்கு இப்படி எழுதலாம்:

```
alt="மயில் கழுத்து நிறக் காஞ்சிபுரம் பட்டுப்புடவை, அரக்குக் கரை, முந்தானையில் சரிகை அன்னம்"
```

பார்க்காதவருக்கு நிறம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பார்வையை இடையில் இழந்தவர்களுக்கு நிறம் நினைவில் இருக்கும். பிறவியிலேயே பார்வை இல்லாதவரும் மகளுக்குப் புடவை வாங்குவார், ரவிக்கைக்குப் பொருத்தம் பார்ப்பார். தேடுபொறிக்கும் இதுவே லாபம். 'காஞ்சிபுரம் பட்டு' என்ற சொல் இயல்பாக ஒருமுறை வந்துவிட்டது. 'அரக்குக் கரை' என்று குறிப்பாகத் தேடுபவருக்கும் வழி கிடைத்துவிட்டது. 'படம்' என்று தொடங்கத் தேவையில்லை. அது படம் என்பதைத் திரைவாசிப்பானே சொல்லிவிடும்.

என்ன எழுதுவது என்பதைப் படம் மட்டும் தீர்மானிப்பதில்லை. இதே புடவை, கோர்வை நெசவைப் பற்றிய கட்டுரையில் வந்தால் அங்கே விலை கேட்க யாரும் வரவில்லை. உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் நெய்யப்பட்டு, சேரும் இடத்தில் இழைகள் பின்னிக்கொள்வதைத்தான் சொல்ல வேண்டும். அழுத்தினால் வேறு பக்கத்துக்குப் போகும் படமென்றால் அது எங்கே போகிறது என்பதே முக்கியம். கூடைச் சின்னத்துக்கு 'கூடையில் உள்ள பொருட்களைப் பார்க்க' என்றால் போதும். கூடையின் வடிவத்தை வர்ணிப்பது வீண்.

வெறும் அலங்காரக் கோலத்துக்கு alt="" என்று காலியாக விட வேண்டும்; திரைவாசிப்பான் பேசாமல் கடந்துவிடும். alt என்பதையே போடாமல் விடுவது வேறு. அப்போது சில திரைவாசிப்பான்கள் IMG_4821 என்ற கோப்புப் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிக்கத் தொடங்கிவிடும்.

கடை நடத்துபவர்கள் தங்கள் பக்கம் ஒன்றைத் திறந்து, டாக்பேக்கை இயக்கி, திரையைப் பார்க்காமல் ஒரு புடவையைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். எந்தப் படத்துக்கு உரை எழுத வேண்டும் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.