பருத்தி உங்களுடையது... பில் வியாபாரியுடையது!

‘‘பெரம்பலூர் பக்கம் அப்பா பருத்தி போடுகிறார். வாங்கும் வியாபாரியே பில்லும் எழுதிக் கொடுக்கிறார். அதில் 5 சதவிகிதம் ஜி.எஸ்.டி என்று கழித்திருக்கிறார். இது சரியா?’’ என்று திருவல்லிக்கேணியிலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

வியாபாரி பில் எழுதுவது சரி. வரியைக் கழித்தது தவறு.

விவசாயி தன் விளைச்சலை விற்பதற்கு ஜி.எஸ்.டி பதிவு எடுக்க வேண்டியதில்லை. ஆனால், பருத்திக்கு 5 சதவிகிதம் வரி உண்டு. விவசாயியிடமிருந்து பதிவு பெற்ற வியாபாரி அதை வாங்கினால், வரி கட்டும் பொறுப்பு வாங்குபவருக்கே என்று 2017 நவம்பரில் மாற்றப்பட்டது. அதனால்தான் விற்பவர் கொடுக்க வேண்டிய பில்லை, வாங்குபவரே தயாரிக்கிறார். சரக்கு கைக்கு வந்த 30 நாள்களுக்குள் அதைப் போட வேண்டும் என்ற விதி 2024 நவம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பணம் தரும்போது பட்டுவாடா சீட்டும் அவர் தர வேண்டும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 12 சாக்குப் பருத்தி, மொத்த எடை 620 கிலோ. சாக்குக்கு 1 கிலோ கழித்தால், நிகர எடை 608 கிலோ. குவிண்டால் 7,000 ரூபாய் என்று பேசியிருந்தால், 42,560 ரூபாய் வர வேண்டும். அதற்கு 5 சதவிகித வரி 2,128 ரூபாய். இதை வியாபாரி தன் கையிலிருந்து அரசுக்குக் கட்ட வேண்டும். உங்கள் தொகையில் கழித்து 40,432 ரூபாய் கொடுத்தால், அவருடைய வரியை நீங்கள் கட்டியதாகிவிடும்.

பில் எழுதும் பேனா வாங்குபவர் கையில் இருப்பதால், எடையிலும் தவறு நுழையலாம். இதே சரக்கில் சாக்குக்கு 2 கிலோ கழித்தால், உங்களுக்கு 840 ரூபாய் குறையும். இதை பில்லை மட்டும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஏனென்றால், அதில் நிகர எடைதான் இருக்கும். ஆகவே, பில்லுக்கு முன்பே எடைச்சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மொத்த எடை, சாக்கு எண்ணிக்கை, சாக்குக் கழிவு, ஈரத்துக்கான கழிவு, பேசிய விலை ஆகியவை அதில் தனித்தனியாக இருக்கட்டும். இருவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு பில் வரும்போது, அதில் வரிசை எண், தேதி, வியாபாரியின் ஜி.எஸ்.டி எண், உங்கள் பெயர், முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். எடையையும் விலையையும் எடைச்சீட்டோடு ஒப்பிடுங்கள். கடைசியாக, வங்கியில் வரவான தொகையை பில்லோடு ஒப்பிடுங்கள். மூன்றும் ஒத்துப்போனால்தான் கணக்கு முடிந்தது. தவறு இருந்தால் பழைய பில்லில் அடித்துத் திருத்த விடாதீர்கள். பழைய எண்ணைக் குறிப்பிட்டு, திருத்தத்தைத் தனியாக எழுதி வாங்குங்கள். அதே சரக்குக்கு நீங்களும் ஒரு பில் எழுதிக் கொடுக்காதீர்கள். ஒரே விற்பனை இரண்டு முறை கணக்கில் ஏறிவிடும்.

ஜி.எஸ்.டி பதிவு இல்லாத சிறு வியாபாரிக்கு இந்த பில் கட்டாயமில்லை. அவர் உங்களிடம் ‘ஜி.எஸ்.டி’ என்று எதையும் கழிக்கவும் முடியாது. அங்கே எடைச்சீட்டுதான் உங்கள் ஒரே ஆதாரம்.